தொண்ணூறாவது ஆர்டர்

என் மகள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு ஐம்பத்தைந்துக்குத் தேனியில் மதுரை ரோட்டில் ஸ்கூட்டரோடு சரிந்து விழுந்தாள். எட்டு இருபத்தாறுக்கு ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். எட்டு முப்பத்தொன்றுக்கு அதே ஊரில் ஒரு வீட்டு வாசலில் பிரியாணிப் பொட்டலத்தைக் கொடுத்து முந்நூற்று நாற்பது ரூபாய் வாங்கியிருக்கிறாள். விழுந்ததை அவளே சொன்னாள். மற்ற இரண்டுக்கும் அத்தாட்சி இருந்தது. எக்ஸ்ரே சீட்டு என் கைப்பையில். பிரியாணிக்கு அவளுடைய செல்போனில் வந்திருந்த வாரக் கணக்கு.

நான் சின்னமனூரில் ஒரு அரிசி ஆலையில் பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். நெல் லாரி வந்தால் எடை மேடைச் சீட்டு ஒன்று, ஈரப்பதச் சீட்டு ஒன்று, மூட்டை எண்ணிக்கைச் சீட்டு ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரமும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். ஒத்துப்போகாத சீட்டைப் பார்த்தால் என்னால் அடுத்த வேலைக்குப் போக முடியாது. என் வீட்டுக்காரர் கம்பத்திலிருந்து மலைக்கு மேலே எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர். "ஒனக்குத் தப்பு ஒண்ணு ஆப்டலேன்னா அன்னிக்கு சோறு எறங்காதே" என்பார்.

மகள் பி.காம் முடித்து ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு மணி நேரம் நின்று கால் வீங்கி, ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். மறுவாரமே பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி, தேனியில் இரண்டு தோழிகளோடு ரூம் எடுத்து, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டாள். எங்களிடம் சேர்ந்த பிறகுதான் சொன்னாள். அன்றிலிருந்து போன் அடித்தாலே விழுந்துவிட்டாளோ என்று நினைத்துக்கொண்டுதான் எடுப்பேன். ஐந்தாவது வாரம் அந்தப் போன் வந்தது.

"அம்மா, ஒண்ணுமில்ல, பயப்படாத. நாய் குறுக்க வந்துருச்சு. கையி லேசா வலிக்குது, அம்புட்டுதான்." யாரோ ஆட்டோக்காரருடைய போனிலிருந்து பேசினாள். ஆஸ்பத்திரி பேரைக் கேட்டதற்குப் பக்கத்தில் யாரிடமோ கேட்டுச் சொன்னாள். அந்தக் குரல் சாதாரணமாக இருக்க எவ்வளவு பாடுபட்டது என்பது எனக்குக் கேட்டது. எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையிலிருந்து தேனி வரை ஜீப்பில் போன முக்கால் மணி நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதப் போவதில்லை. இன்னமும் அந்த ரோட்டில் பஸ்ஸில் போகும்போது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முழங்காலில் தையல். முகத்தில் கீறல்கூட இல்லை, ஹெல்மெட் காப்பாற்றிவிட்டது. "போன் எங்கடி?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. விழுந்த இடத்தில் இருந்தது என்றாள். ஒன்பது மணிக்கு, கம்பெனி பனியன் போட்ட ஒருவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், பிரெட் பாக்கெட் ஒன்றையும் போனையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"இம்புட்டு நேரம் போன வச்சிக்கிட்டு என்ன பண்ணுனீக? இங்கன பிள்ளை யாருக்கும் பேச முடியாமக் கெடக்கா" என்று நான் கத்தினேன்.

"மன்னிச்சுக்கங்க. ஒரு சின்ன வேலை இருந்துச்சு" என்றார். நின்று இன்னும் இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு போனார்.

போன் உறைக்குள் மடித்துவைத்த ரூபாய் நோட்டுகள் இருந்தன. மகளுடையது என்று நினைத்து மருந்துக்கடையில் அதைத்தான் முதலில் கொடுத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வலி மாத்திரையில் பாதி தூக்கமாகக் கிடந்தாள். சாயந்தரம் போனில் மணி ஒலித்தது.

"ஸ்டேட்மென்ட் வந்துருக்கும். பாரும்மா" என்றாள் கண்ணைத் திறக்காமல். "எண்பத்தொம்போதுல நின்னுருச்சு. ஒரே ஒரு ஆர்டரு. கையில இருந்துச்சும்மா, பையில இருந்துச்சு."

அப்போதுதான் அந்தக் கணக்கை முதல் தடவையாகப் பார்த்தேன். இத்தனை நாள் அவள் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ரோடும் லாரியும் மழையும்தான். அதற்கு இப்படி ஒரு கணக்கு இருக்கும், அதுவும் இவ்வளவு ஒழுங்காக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

திங்கள் காலை முதல் ஞாயிறு ராத்திரி வரை ஒரு வாரம். ஆர்டர் கூலி மூவாயிரத்து ஐந்நூற்றுப் பத்து. மழை நேரத்தில் ஓட்டியதற்கு நூற்றிருபது. வாடிக்கையாளர்கள் விரும்பிக் கொடுத்தது அறுபத்தைந்து. அதற்குக் கீழே ஊக்கத்தொகை. எழுபது ஆர்டரைத் தொட்டால் அறுநூறு ரூபாய், தொண்ணூறைத் தொட்டால் ஆயிரத்து நானூறு. எண்பத்தொன்பது ஓட்டினாலும் எழுபதுக்கு உண்டானதுதான். ஒரே ஆர்டரில் எண்ணூறு ரூபாய் வித்தியாசம். பிறகு பிடித்தம். பை, இரண்டு பனியன், மழைக்கோட்டுக்கான தவணை இருநூறு; எட்டில் ஐந்தாவது. வாரத் தொடக்கத்தில் கொடுத்த பெட்ரோல் முன்பணம் தொள்ளாயிரம். கடைசியாக, வாடிக்கையாளரிடம் வாங்கிக் கம்பெனிக்குக் கட்டாத கையிருப்பு ரொக்கம் முந்நூற்று நாற்பது. புதன்கிழமை வங்கியில் வரவாகும் தொகை மூவாயிரத்து அறுநூற்று ஐம்பத்தைந்து. கணக்கில் ஆட்சேபணை இருந்தால் செவ்வாய் மாலை ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும்.

கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஊக்கத்தொகை வரிசையில் ஆயிரத்து நானூறு இருப்பது உறைத்தது. ஆர்டர் எண்ணிக்கை தொண்ணூறு. பட்டியலை விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிக்குப் போனேன். எட்டு முப்பத்தொன்று, டெலிவரி முடிந்தது, ரொக்கம் முந்நூற்று நாற்பது.

நிமிர்ந்து பார்த்தேன். மகள் தூங்கிவிட்டிருந்தாள்.

கைப்பையிலிருந்து எக்ஸ்ரே சீட்டை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு சீட்டு, ஐந்து நிமிட இடைவெளி. கம்பெனிக் கம்ப்யூட்டர் எங்கேயோ தப்பாகப் பதிந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். எங்கள் ஆலையில் யாருக்காவது தெரியாமல் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், அடுத்த லோடில் பிடித்துக்கொள்வோம். கூடுதலாக வந்ததைத் தானாகச் சொன்ன வியாபாரியிடம் முதலாளி அதற்குப் பிறகு எடையே சரிபார்க்கச் சொல்ல மாட்டார். என் மகளும் அப்படிப்பட்டவளாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த ஆர்டரைத் தொட்டால் 'இதில் ஏதேனும் சிக்கலா?' என்று கேட்டது. கீழே நான்கைந்து பதில்கள். 'நான் டெலிவரி செய்யவில்லை' என்று ஒன்று இருந்தது. உண்மைதானே. அமுக்கினேன்.

திரை கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு சிவப்புக் கட்டத்தில் எழுத்து வந்தது: உங்கள் ஐடியை வேறு நபர் பயன்படுத்தியதாகச் சந்தேகிக்கிறோம், ஐடி தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது, இந்த வாரத் தொகை நிறுத்திவைக்கப்படுகிறது, நாளை மாலை ஆறு மணிக்குள் ஹப் அலுவலகத்தில் விளக்கம் தரவும், தவறினால் ஐடி நிரந்தரமாக முடக்கப்படும்.

மகளை எழுப்பிக் காட்டினேன். அவள் ஒற்றைக் கையால் போனை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"தொண்ணூறா?" என்றாள் முதலில். அதற்குப் பிறகுதான் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தாள். "ஏம்மா இதத் தொட்ட? ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டியா?"

"ஒன்னய எழுப்ப வேணாம்னு..."

"ஐடி போச்சுன்னா திரும்ப சேரவே முடியாது தெரியுமா? வேற பேருல சேந்தாலும் மூஞ்சிய வச்சுக் கண்டுபிடிச்சிருவாக. அஞ்சு வாரம்மா. அஞ்சு வாரம் ஓட்டி இப்பத்தான் சந்து பொந்தெல்லாம் மனப்பாடமாச்சு."

"அப்ப அந்த ஆர்டரக் குடுத்தது யாரு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன்." சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்குப் பதற்றம் வந்தது, ஆனால் பதற்றம் மட்டும் வரவில்லை. நாளை ஆறு மணி வரை நான் எதுவும் செய்யாமல் இருந்தால் போதும், இவள் இனி ரோட்டில் போக மாட்டாள். அவ்வளவுதான் வேலை. ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோறு வடிக்கும்போது இந்த நினைப்பு வந்து பக்கத்திலேயே நின்றது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அது அவ வேலை. பூட்டுறதுன்னா அவ பூட்டட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார். மலைப்பாதையில் முப்பது வருடம் ஜீப் ஓட்டுகிறவரை நான் எந்த நாள் பூட்டிவைத்தேன் என்று அவர் கேட்கவில்லை.

நினைப்பைக் கலைத்தது நல்ல மனசு என்று சொல்ல மாட்டேன். ஆர்வம்தான். எட்டு முப்பத்தொன்றுக்கு அந்த வீட்டு வாசலில் நின்றது யார் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, எக்ஸ்ரே சீட்டையும் மகளுடைய போனையும் எடுத்துக்கொண்டு, சின்னமனூரில் பஸ் மாறித் தேனிக்குப் போனேன். வீரபாண்டி தாண்டும்வரை கம்பியை விடவில்லை. ஹப் நான்கு மணிக்குத்தான் திறக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். கூடவே, கேட்காமலே, "நாங்க நிக்கிற எடம் கம்பம் ரோட்டுல, பிரியாணிக் கடைக்கு எதித்தாப்புல" என்றும் சொன்னாள். கோபம் தீரவில்லை, ஆனாலும் சொன்னாள்.

சாத்திக்கிடந்த ஒரு கடை ஷட்டரின் முன்னால் ஏழெட்டு வண்டிகள் நின்றன. வண்டிமேல் படுத்திருந்தவர்கள், போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஒரே டிபன் டப்பாவில் இரண்டு பேராகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். யாருக்கும் என்னைத் தெரியாது. இன்னாருடைய அம்மா என்று சொன்னதும் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"கையி எப்பிடி இருக்குக்கா?"

"கட்டுப் போட்டிருக்காக. மூணு வாரம் ஆகும்ங்கறாக."

"அந்த நாயி இன்னமும் அங்கனதான் திரியுது. நேத்து என்னயும் பாத்துச்சு" என்றான் ஒரு பையன்.

"ஒன்னயப் பாத்து அதுதான் பயந்திருக்கும்ல" என்றார் இன்னொருவர்.

நான் போனைத் திறந்து காட்டினேன். "ஞாயித்துக்கெழம எட்டு முப்பத்தொண்ணுக்கு எம்பொண்ணு ஆர்டரு யாரு குடுத்தது?"

டிபன் டப்பாவை மூடினார்கள். ஒருவர் எழுந்து ஹெல்மெட்டை மாட்டத் தொடங்கினார். நான் கம்பெனி ஆள் மாதிரி கேட்டுவிட்டேன் என்று புரிந்தது.

"ஏலே, மறைக்காதீக. ஐடியப் பூட்டிட்டாக" என்றேன். "பூட்ட வச்சது நாந்தான்." நடந்ததைச் சொன்னேன். பட்டனை அமுக்கினேன் என்று சொன்னதும் ஒரு பையன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"நீங்களேவா அமுக்குனீக? அந்தப் பட்டன அஞ்சு வருசமா ஒருத்தரும் தொட்டதில்லக்கா. நாங்க அது சும்மா வரைஞ்சு வச்சிருக்காகன்னு நெனச்சோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது பின்னாலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். குமுளியில் பேக்கரியில் வேலைபார்த்துவிட்டுத் திரும்பியவராம். மற்றவர்கள் அவரைக் குமுளிக்காரர் என்றே கூப்பிட்டார்கள்; அக்கா என்பதை அவர் மலையாளத்தில் சேச்சி என்பார். ஹெல்மெட் இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் தெரிந்தது.

"நான்தான் சேச்சி. ஞாயித்துக்கெழம ஒங்ககிட்ட ஏச்சு வாங்குனவன்."

அவர் சொன்னது இது. மகள் விழுந்தபோது அவர் நாலு வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தார். ஆட்டோவில் ஏற்றினார். கீழே கிடந்த போனை எடுத்தபோது திரையில் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே 'இலக்குக்கு இன்னும் ஒன்று' என்று பச்சையில் எழுதியிருந்தது. பிரியாணிப் பொட்டலம் நசுங்கவில்லை. காலையில் பணியைத் தொடங்கும்போதுதான் போன் முகத்தைக் காட்டச் சொல்லும், நடுவில் கேட்காது. பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, பணத்தை வாங்கி உறைக்குள் வைத்து, முடிந்தது என்று அமுக்கி, தன் கையிலிருந்த ஆர்டரையும் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்.

"இங்கன யாராச்சும் விழுந்தா அடுத்து வர்றவன் அப்பிடித்தான் செய்வான். எனக்கும் ஒருத்தன் செஞ்சிருக்கான். ரூல்படி தப்புதான். ஆனா எண்பத்தொம்போதுல போன அப்பிடியே விட்டுட்டுப் போக மனசு வரலே."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல விட்டீகளா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கின மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "தப்பா விரல் பட்டுருச்சுன்னு ஹப்ல சொல்லிருங்க. அம்மா அமுக்கிட்டாங்கன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. தொண்ணூறும் நிக்கும்" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். எழுத வேண்டிய வாசகத்தைக்கூட ஒருவன் சொல்லிக் கொடுத்தான்.

பதினெட்டு வருடத்தில் பொய்ச் சீட்டில் ஒரு தடவைகூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் இது என் சீட்டில்லை. முந்தின நாள் கேட்காமல் அமுக்கியவள் இன்று கேட்காமல் எழுதிவிடக் கூடாது. கொஞ்சம் தள்ளிப் போய் வீட்டுக்காரருடைய எண்ணுக்கு அடித்து மகளிடம் கொடுக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீ என்ன சொல்றியோ அதச் சொல்றேன்" என்றேன்.

"அவரா?" என்றாள். பிறகு, "எனக்கு அப்பவே லேசா சந்தேகந்தான்" என்றாள். அழுதாளா என்று தெரியவில்லை.

"விரல் பட்டுருச்சுன்னு சொல்லச் சொல்றாக."

"ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் கேக்கணும்லம்மா. அதுல ஏழு அம்பத்தஞ்சுக்கு ஆர்டரோட விழுந்தேன்னு எழுதணும். கணக்குல எட்டு முப்பத்தொண்ணுக்குக் குடுத்தேன்னு இருந்தா, ஒன்ன மாதிரி ஒருத்தி அங்கயும் ஒக்காந்து ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

"உள்ளதச் சொல்லிரு. அவருக்கு ஒண்ணும் ஆகாதான்னு மட்டும் மொதல்ல அவருகிட்டக் கேளு. அவரு வேணாம்னா விட்டுரு. ஐடி போனாப் போகுது."

ஐடி போனால் போகட்டும் என்று அவளே சொன்னதும் என் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. திரும்பிப் போய்க் குமுளிக்காரரிடம் கேட்டேன். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூன்று எச்சரிக்கை வந்தால் ஐடி போய்விடும், அவர் பேரில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கும்ல" என்றார் கடைசியில். வண்டியை எடுத்தார். "ஏறுங்க சேச்சி. நடந்து போனா நாலரை ஆகிப்போகும்."

அந்தச் சதுரப் பைக்கும் அவருக்கும் நடுவில் எனக்கு இடம் இல்லை. பையைக் கழற்றி ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு என்னை ஏற்றிக்கொண்டார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து தேனிக்குள் போனது எனக்கு அதுவே முதல் தடவை. கண்ணை மூடிக்கொள்ள நினைத்து, மூடாமல் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஒவ்வொரு சந்து முனையிலும் வேகத்தைக் குறைத்தார். நாய் நிற்கிற இடம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஹப் என்பது ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை. சுவரோரம் புதுப் பைகள் அடுக்கியிருந்தன. மேஜையில் என் மகளைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண், லேப்டாப்போடு. நான் எக்ஸ்ரே சீட்டை அவள் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். குமுளிக்காரர் தன் பங்கைச் சொன்னார்.

"போன இன்னொருத்தர் கையில எடுத்ததே தப்பு" என்றாள் அவள். "அவசர எண்ணுக்கு அடிச்சிருந்தா நாங்களே ஆர்டர இவர் ஐடிக்கு மாத்தி விட்டிருப்போம்."

"விழுந்து கெடக்குறவ எப்பிடிம்மா அடிப்பா?"

அவள் எக்ஸ்ரே சீட்டை எடுத்து நேரத்தைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

"விபத்துன்னா ரெண்டு நாளைக்குள்ள ஆர்டர கைமாத்தினதாப் பதியலாம். ரெண்டு பேரும் எழுதித் தரணும். ஐடி தெறந்துரும். ஆனா அந்த ஆர்டர் இவர் கணக்குக்குப் போயிரும். ஒங்க பொண்ணுக்கு எண்பத்தொம்போதுதான் நிக்கும். ரெண்டு பேருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு, அத என்னால மாத்த முடியாது."

"எண்ணூறு ரூவா போகும்" என்று குமுளிக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "எனக்கு வாறது நாப்பத்திரெண்டு ரூவா."

மகளிடம் மறுபடி கேட்கவில்லை. அவள்தான் சொல்லிவிட்டாளே. அவள் சார்பில் நான் எழுதிக் கொடுத்தேன். ஹப்பிலிருந்தே வீட்டுக்காரருடைய எண்ணுக்குப் போன் போட்டு, அவள் வாயால் ஒரு தடவை கேட்டுக்கொண்டார்கள். அவர் தன் தாளில் கையெழுத்துப் போட்டார். சரியாக ஐந்து மணிக்கு மகளுடைய போனிலிருந்து சிவப்புக் கட்டம் போய்விட்டது.

படி இறங்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஆர்டர் அவர் கணக்குக்குப் போனால், அந்தக் கையிருப்பு ரொக்கமும் அவர் தொகையில்தான் பிடிப்பார்கள். நோட்டுகள் மருந்துக்கடைக்குப் போய்விட்டன. பர்ஸைத் திறந்து முந்நூற்று நாற்பதை எண்ணிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் வாங்கி, ஒரு தடவை எண்ணி, பனியன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சரியா இருக்கு" என்றார். "கணக்குல நீங்க கெட்டிதான். அந்தப் பட்டன மட்டும் இனிமே தொடாதீக."

புதன்கிழமை மத்தியானம் திருத்திய கணக்கும் வங்கிச் செய்தியும் ஒன்றாக வந்தன. மூவாயிரத்து நூற்று ஐம்பத்து மூன்று. ஆர்டர் கூலியில் நாற்பத்திரண்டு குறைந்திருந்தது, ஊக்கத்தொகை அறுநூறு, ரொக்கப் பிடித்தம் இல்லை. பெட்ரோலும் பைத் தவணையும் அப்படியே. அடியில் சின்ன எழுத்தில் ஒரு எச்சரிக்கை. இன்சூரன்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.

பைக்கு மூன்று தவணை பாக்கி. மணிக்கட்டுக்கு மூன்று வாரம். அவள் திரும்பப் போவாள் என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே தெரிந்துவிட்டது. எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் அன்று சாயந்தரம் அவள் சாய்ந்து உட்கார்ந்திருக்க, நான் போனை வாங்கி எண்பத்தொன்பது வரிசையையும் முதலிலிருந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நேரம், தூரம், கூலி. அந்த வாரம் முழுக்க அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று நான் ஆலையில் உட்கார்ந்து தவித்த ஒவ்வொரு மணி நேரத்திலும் அவள் எங்கேயோ ஒரு வாசலில் நின்றிருக்கிறாள். எல்லாம் இதில் இருந்தது.

"வியாழக்கெழம மூணு பத்துக்கு ஏழு கிலோமீட்டர் போயிருக்கியே. எங்கனடி?"

அவள் எட்டிப் பார்த்தாள். "அதுவா? போடி ரோட்டுல ஒரு தோட்டத்து வீடு. ஐஸ்கிரீம் கேட்டிருந்தாக."

"இந்த வெயில்ல ஏழு கிலோமீட்டரா? உருகிப்போகல?"

"பையில தண்ணிபாட்டில் ஐஸாக் கெடந்துச்சு, நடுவுல சொருகிட்டேன். அந்தப் பாட்டி தெறந்து பாத்துட்டு, கல்லு மாதிரி இருக்கு, எப்பிடித் திங்கறதுன்னு ஏசுச்சு."

நான் அடுத்த வரிசைக்கு விரலைத் தள்ளினேன். "சரி, மூணு அம்பதுக்கு?"